இது எந்த ஊர்த் தோட்டம், எந்த மாதம்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புவெளியிலிருந்து: வட்ஸ்அப்பில் வந்த படம் இது. பெரியப்பா வெளிநாடு போவதற்கு முன்பு, 2009 மே மாதம், எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் எடுத்தது என்று அண்ணா சொல்கிறார். மே மலர் மரம் பூத்திருக்கிறது, பின்னால் மாமரம் காய்த்திருக்கிறது. மே மாதம் சரிதானே, ஐயா?

பூவும் காயும் உங்கள் அண்ணாவின் பக்கம்தான் நிற்கின்றன. திருகோணமலையில் மே மலர் வைகாசியை ஒட்டித்தான் மரம் முழுக்கச் சிவக்கும், மாம்பழமும் அந்தக் காலத்தில்தான். மரத்தில் இலை இன்னும் நெருக்கமாகவில்லை, கீழே உதிர்ந்த இதழ்களும் அதிகமில்லை. ஆகவே பூக்கும் பருவத்தின் முற்பகுதி.

ஆனால் இந்தச் சோடி இன்னோர் இடத்துக்கும் அப்படியே பொருந்தும். மே மலரின் சொந்த நாடு மடகஸ்கார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் அது நவம்பர், டிசம்பரில் பூக்கிறது. அவுஸ்திரேலியாவின் வடக்கே டார்வினில் மாம்பழமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வருகிறது. இரண்டு மரங்களும் சேர்ந்து ஆறு மாதம் இடம் மாறிக்கொள்வதால், மரங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் சரியான மாதத்துக்கு நேர் எதிர் மாதத்தைச் சொல்லிவிடுவோம்.

முடிச்சை அவிழ்ப்பது மரத்தில் இல்லை, இடப்பக்கத்து வெள்ளை மதிலில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி, மாங்கிளை மதிலில் உரசும் இடத்தைப் பாருங்கள். முசுறுகள் வரிசையாகப் போகின்றன. கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடும் தெரிகிறது. இலை தைக்கும் இந்த எறும்பு அமெரிக்கக் கண்டங்களில் இல்லை, ஆகவே புளோரிடா, பிரேசில் போன்ற இடங்களை உடனே விட்டுவிடலாம். எங்கள் முசுறு தலை முதல் வால்வரை செம்மஞ்சள் நிறம். வட அவுஸ்திரேலியாவில் அதே இனத்தின் வேலைக்கார எறும்புக்குத் தலையும் நடுவுடலும் செம்மஞ்சளாக இருக்க, வயிறு மட்டும் பளிச்சென்ற பச்சை. உங்கள் படத்தில் எண்ணக்கூடிய அத்தனை எறும்புக்கும் வயிறு பச்சை.

இலையின் நிழல் விழுந்தால் செம்மஞ்சள் வயிறும் பச்சையாகத் தெரியலாம். அதனால்தான் மதிலைப் பார்க்கச் சொன்னேன். அங்கே நேர் வெயில் விழுகிறது, சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கிறது, எறும்பின் தலையில் பச்சை ஏறவில்லை. நிறம் எறும்பினுடையதுதான்.

ஆகவே இது உப்புவெளி அல்ல, மே மாதமும் அல்ல. வட அவுஸ்திரேலியா, நவம்பரை ஒட்டிய நாட்கள். டார்வினா, குயின்ஸ்லாந்தின் வடகரையா என்பதைப் பூச்சியை வைத்துப் பிரிக்க முடியாது. பெரியப்பா எங்கே போய்க் குடியிருந்தார் என்று வீட்டில் கேளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: ஐயா, பச்சை முசுறு எங்கள் வளவிலேயே இருக்கிறது. போன மாரியில் மாமரத்தடியில் என் கண்ணால் பார்த்தேன். பச்சையை வைத்து அவுஸ்திரேலியா என்று சொல்வது பிழை.

நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது இராணி. எங்கள் முசுறின் இராணி பச்சையும் கபிலமும் கலந்த நிறம். மழை தொடங்கியதும் சிறகோடு பறந்து வந்து, சிறகை உதிர்த்துவிட்டு இலைக்குள் ஒளியும். வேலைக்கார எறும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே பெரியது, வயிறு பருத்திருக்கும், தனியாகத்தான் காண்பீர்கள். மதிலில் வரிசை கட்டிப் போகாது.

மூதூரிலிருந்து: தோட்டத்தில் கடதாசிப்பூ பூத்திருக்கிறது. எந்த மாதம்?

சொல்ல முடியாது. கடதாசிப்பூ, செவ்வரத்தை, நித்தியகல்யாணி மூன்றும் தண்ணீர் ஊற்றும் வீட்டில் எந்த மாதமும் பூக்கும்.

தம்பலகாமத்திலிருந்து: கொன்றை பூத்தால் சித்திரை, வைகாசி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டுக் கொன்றை போன மார்கழியில் பூத்தது. பிறகு கொன்றையை எப்படி நம்புவது?

ஒரு கொத்தை நம்பக்கூடாது, மரத்தைத்தான் நம்பவேண்டும். மழை பிந்தினாலும், இடையில் வறண்டு பிறகு நனைந்தாலும், கொன்றை பருவம் தவறி ஒன்றிரண்டு கொத்து விடும். அப்போது மரம் நிறைய முற்றிய இலை இருக்கும், நீண்ட பச்சைக் காய்களும் தொங்கும். சித்திரையில் பூக்கும்போது இலை பெரும்பாலும் கொட்டியிருக்கும் அல்லது இளந்தளிராக இருக்கும், தொங்கும் பழைய காய்கள் கறுத்திருக்கும். உங்கள் மார்கழிப் படத்தில் இலை எப்படி இருந்தது?

அதற்கு முன் அது கொன்றைதானா என்றும் பாருங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மஞ்சளாகப் பூத்ததெல்லாம் கொன்றை ஆகாது. கொன்றைக் கொத்து கீழ்நோக்கித் தொங்கும். தெருவோரத்து இயல்வாகையின் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், மொட்டுகளில் துருப்பிடித்த கபில நிறம் இருக்கும், காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருக்கும்.

நிலாவெளியிலிருந்து: முசுறு கடித்து மாங்காய் பறிக்க முடியவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

இங்கே படத்தில் இடமும் மாதமும் அறிவதைப் பற்றித்தான் பேசுகிறோம். விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மருந்தடிக்க முன் ஒன்றை யோசியுங்கள்: மாமரத்துப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது இந்த முசுறுதான்.

மீண்டும் கிண்ணியாவிலிருந்து: இராணி என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் பார்த்ததற்குச் சிறகு இல்லையே? எங்கள் ஊரிலும் பச்சை வேலைக்காரர் இருக்கலாம் அல்லவா?

சிறகு உதிர்ந்த தடம் தோளருகே இருக்கும், சிறிய தழும்பாகத் தெரியும். இலங்கையின் பச்சை வயிற்று வேலைக்கார எறும்பு ஒன்றை யாராவது படம் எடுத்துக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். நிபந்தனை இரண்டு: ஒரே படத்தில் பத்துக்குக் குறையாத எறும்புகள், பின்னால் ஒரு வெள்ளைத் தாள். மாரி தொடங்கட்டும், நீங்களே எடுத்து அனுப்புங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து: அலரி பூத்திருக்கிறது. எந்த மாதம்?

மூதூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: ஒரு பெண் முகநூலில் போட்ட தோட்டப் படம். பூக்களை வைத்து அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

செய்யமாட்டேன். ஒருவருடைய வீட்டைத் தேடிப் பிடிப்பதற்கு இந்த அறிவைத் தரமாட்டேன். படத்தையும் அழித்துவிட்டேன்.

மீண்டும் உப்புவெளியிலிருந்து: பெரியப்பா டார்வினில்தான் இருந்தார் என்று அம்மா சொன்னார், நன்றி ஐயா. ஆனால் 2009 என்பதை அண்ணா விடவில்லை. படத்தின் அடியில் புல்லின்மேல் ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. வெட்டி அனுப்பியிருக்கிறேன். ஆண்டை அது சொல்லுமா?

சொல்லக்கூடும், பிள்ளை. டோனி கோஸ்டர் என்று படநூல்களில் போட்டிருக்கும் பூச்சி அது என்றால், 2009 என்பது நடவாது. எங்கள் ஊரிலும் இந்தியாவிலும் பழைய குடியான அந்தப் பூச்சி, தென்கிழக்காசியா வழியாகப் பரவி, டார்வின் பக்கத்தில் 2012இல்தான் முதன்முதலாகக் காணப்பட்டது.

ஆனால் நீங்கள் வெட்டி அனுப்பிய துண்டில் சிறகு மடிந்து மங்கலாக இருக்கிறது. பின்சிறகின் ஓரத்தில் கறுப்புப் பட்டைக்குள் வெளிர் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அதுதான். எனக்கு அந்த ஓரம் தெரியவில்லை. வேறு செம்மஞ்சள் பூச்சிகளும் அங்கே உண்டு. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த திகதியையும் நீக்கிவிடும். மூலப் படம் பெரியப்பாவின் தொலைபேசியில் இருந்தால் அதைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை இடமும் மாதமும் முடிந்தன, ஆண்டு முடியவில்லை என்று அண்ணாவிடம் சொல்லுங்கள்.