தடுப்புச் சுவர் எத்தனை நாளில் முடியும்? கிரிட்டிக்கல் பாத் பற்றி வந்த கேள்விகள்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் மேடு சரியாமல் இருக்கக் கல் தடுப்புச் சுவர் கட்டப்போகிற ஒருவர் தன் வேலைக் கணக்கை அனுப்பியிருந்தார். மற்ற கேள்விகளுக்கும் அதையே வைத்துப் பதில் சொல்கிறேன்.

மண் வெட்ட 6 நாள், கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து கல் வந்து சேர 9 நாள், இந்த இரண்டையும் உடனே தொடங்கலாம். மண் வெட்டியதும் அஸ்திவாரம் 4 நாள். அதே சமயம் பக்கவாட்டில் மழைநீர்க் குழாய்க்குப் பள்ளம் 3 நாள், அப்புறம் குழாய் பதிக்க 4 நாள். அஸ்திவாரமும் முடிந்து கல்லும் வந்த பிறகுதான் சுவர், அது 8 நாள். சுவரும் குழாயும் முடிந்தால் பின்பக்கம் மண் நிரப்ப 5 நாள்.

எல்லாவற்றையும் கூட்டினால் 39 வருகிறது. மேஸ்திரி 23 போதும் என்கிறார். யார் சரி?

மேஸ்திரிதான். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளை நீங்கள் வரிசையாகக் கூட்டிவிட்டீர்கள். மண் வெட்டு 6-இல் முடியும், அஸ்திவாரம் 10-இல். கல் 9-இலேயே வந்துவிடும், ஆனால் சுவர் இரண்டில் பிந்தியதற்காகக் காத்திருக்கும், அதனால் 10-இல் தொடங்கி 18. குழாய் 13-இலேயே முடிந்தாலும் மண் நிரப்புவது சுவருக்காக 18 வரை நிற்கும். 18-உம் 5-உம் 23. மண் வெட்டு, அஸ்திவாரம், சுவர், மண் நிரப்பு: இந்தச் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத், இதில் ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும்.

24 என்று வருகிறதே?

நாளை 1-இலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டு, முடிவுக்குக் கூட்டும்போது ஒன்றைக் கழிக்க மறந்திருப்பீர்கள். பூஜ்யத்தில் தொடங்குங்கள், தொல்லை விட்டது.

மொத்த வேலை தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாளான ஃப்ளோட் பள்ளத்துக்கு 5, குழாய்க்கும் 5 என்று வருகிறது. அப்படியானால் 10 நாள் சும்மா இருக்கலாமா?

குன்னூரில் டிப்ளமோ படிக்கும் ஒரு மாணவி கேட்டது. இந்தத் தொகுப்பில் உருப்படியான கேள்வி இதுதான். இருக்க முடியாது. 6-இலிருந்து 18 வரை கையில் இருப்பது 12 நாள், அதில் பள்ளத்துக்கும் குழாய்க்கும் சேர்த்து 7 போய்விடும், மிச்சம் 5. அந்த ஐந்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளம் வெட்டுகிறவர் மூன்று நாள் இழுத்தால் குழாய்க்காரருக்கு இரண்டுதான் மிஞ்சும். கணக்கில் இரண்டுக்கும் மொத்த ஃப்ளோட் 5 என்று வருவதால், இரண்டு பேரிடமும் தனித்தனியே "உனக்கு அஞ்சு நாள் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். அடுத்த வேலையைத் தொடாமல் தள்ளக்கூடியது எவ்வளவு என்று பார்க்கிற ஃப்ரீ ஃப்ளோட்டையும் போட்டுப் பாருங்கள்: பள்ளத்துக்கு 0, குழாய்க்கு 5. பள்ளக்காரரிடம் நான் ஃப்ரீ ஃப்ளோட்டை மட்டும்தான் சொல்வேன்.

மழையில் மலைப்பாதை அடைத்து கல் மூன்று நாள் தாமதமானால்?

மூன்று நாள் போகாது, இரண்டுதான் போகும், ஏனென்றால் கல்லுக்கு ஒரு நாள் ஃப்ளோட் இருந்தது (வரவேண்டியது 10-க்குள், வருவது 9-இல்). கல் 12-இல் வந்தால் சுவர் 20-இல் முடியும், வேலை 25-இல். ஆனால் பலர் கவனிக்காத விஷயம், இப்போது பாதையே மாறிவிட்டது: கல், சுவர், மண் நிரப்பு. மண் வெட்டுக்கும் அஸ்திவாரத்துக்கும் சேர்த்து 2 நாள் கிடைத்திருக்கிறது, அங்கே ஓவர்டைம் கொடுப்பது வீண் செலவு.

தாமதம் இல்லாதபோதும் இதே பொறி உண்டு. அஸ்திவாரத்தை 4-இலிருந்து 2 ஆக்க ஆள் கூட்டினால் மிச்சமாவது ஒரு நாள்தான், 22-இல் முடியும். அஸ்திவாரம் 8-இல் தயார், கல் வருவதோ 9-இல். சுவரில் இரண்டு நாள் குறைத்தால்தான் இரண்டும் அப்படியே கிடைக்கும், 21.

கணக்குப்படி போனேன், ஆனாலும் தள்ளிப்போனது. எங்கே தப்பு?

கொடைக்கானல் அன்பரே, உங்கள் பட்டியலில் சுவர் முடிந்த மறுநாளே மண் நிரப்பு நிற்கிறது. சிமெண்ட் கலவைச் சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஆறவிடாமல் பின்னால் ஈர மண்ணைக் கொட்டினால், கலவை இறுகுவதற்குள் சுவர் முன்னால் தள்ளும். யாரும் கூலி வாங்காத வேலை என்பதால் இதைப் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். கோத்தகிரிக் கணக்கிலும் இது இல்லை. 7 நாளைச் சேர்த்தால் அந்தச் சுவருக்கும் நிஜமான தேதி 30, பள்ளம், குழாய் இரண்டின் ஃப்ளோட் 12.