காது இரைச்சலுக்கு சிபிடியும் ஒலி சிகிச்சையும்

“குளச்சலில் அப்பா முப்பது வருஷம் விசைப்படகு எஞ்சின் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். ராத்திரியானால் ரெண்டு காதிலும் ‘கீ’ சத்தம். சிபிடி, ஒலி சிகிச்சை எடுத்தால் நின்றுவிடுமா?”

சத்தம் பெரும்பாலும் நிற்காது. தவிப்பும் தூக்கக்கேடும் குறையும். முதலில் கேட்கும் திறனைச் சோதியுங்கள். அது குறைந்திருந்தால் காது மெஷினே இரைச்சலைப் பின்னுக்குத் தள்ளக்கூடும்.

சிபிடி என்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை. வழக்கமாக வாரம் ஒரு முறை, எட்டுப் பத்து வாரம். ராத்திரி விழித்ததும் ‘இனி தூக்கமே வராது’ என்று தோன்றினால் அப்பா அதை எழுதிவைப்பார். காலையில், உண்மையில் எவ்வளவு தூங்கினோம் என்று ஒப்பிடுவார். அந்தப் பயம் தளரத் தளர, மூளை சத்தத்தைக் கவனிப்பதும் குறையும்.

அப்புறம் ஒலி. போனில் கடல் அலைச் சத்தம் போதும். ஆனால் இரைச்சலை முழுக்க மூடும் அளவுக்குக் கூட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால் பழகுவது எளிதாகலாம். ஒலி மட்டும் தனியாகப் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் குறைவு, சிபிடிக்கே அதிகம்.

சத்தம் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.