வாங்குவதாக எழுதிக் கொடுத்த கடிதம் வங்கியில் எவ்வளவு எடுபடும்? – கேள்வி பதில்

ஏற்காடு, நாகலூர்: காபி வறுத்து அரைக்கும் யூனிட் போடப் போகிறேன். சேலத்தில் ஒரு ஹோட்டல் மாதம் 300 கிலோ தூள் எடுத்துக்கொள்வதாக எல்.ஓ.ஐ. என்ற விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. அதை அப்படியே வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையில் விற்பனைக் கணக்கில் போடலாமா சார்? ஒரே கிளைதான், தினம் 400 காபி போகுமாம்.

போடாதீர்கள். பில்டர் காபிக்குக் கப்புக்கு 10 முதல் 12 கிராம் தூள் ஆகும். 400 கப்புக்கு நாலு, ஐந்து கிலோ. மாதத்துக்கு 120 முதல் 150 கிலோ. கடிதமோ அதைப் போல் இரண்டு மடங்கு சொல்கிறது. வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பெருக்கலை மேலாளர் உங்கள் எதிரிலேயே போட்டுப் பார்ப்பார். அது இடித்தால் அறிக்கையில் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

அந்த 150 கிலோவும் உங்களுக்கே வராது. அவர்களுக்கு இப்போதே தூள் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ருசி மாறினால் வாடிக்கையாளர் கேட்பார் என்று முதலாளி பயப்படுவார். அதனால் திரும்பப் போய் இப்படிக் கேளுங்கள்: முதல் மூன்று மாதம் 40 கிலோ, ருசி ஒரே மாதிரி இருந்தால் அப்புறம் மாதம் 100 கிலோ. சிக்கரி எத்தனை சதவீதம், விலை கிலோவுக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, பணம் எத்தனை நாளில் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும். எண் சிறியதாக இருந்தாலும் நிபந்தனையோடு வரும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. வாங்குபவர் உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அதில் தெரியும்.

இப்போது முதல் வருடக் கணக்கு 3,600 கிலோ இல்லை, 1,020 கிலோ. வறுத்தால் 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். சிக்கரி கலக்காமல் 3,600 கிலோ தூளுக்கு ஏறக்குறைய 4,400 கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். 1,020 கிலோவுக்கு 1,250 போதும். அறுவடைப் பருவத்தில் மொத்தமாகக் கொட்டை வாங்கிப் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் முழுவதும் வட்டி கட்டும் சரக்கு. மிச்ச விற்பனைக்கு வேறு ஆட்களிடம் கடிதம் வாங்குங்கள்.

ஆத்தூர்: முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி வைத்தால் அது ஆர்டர் மாதிரிதானே?

இல்லை. வாசகம்தான் தீர்மானிக்கும், தாள் அல்ல. எல்.ஓ.ஐ. பொதுவாகப் பின்னால் ஒப்பந்தம் போடும் எண்ணத்தைத்தான் காட்டும், அதுவே யாரையும் கட்டுப்படுத்தாது என்று ராஜஸ்தான் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓமலூர்: அப்படியென்றால் கடிதமே வெறும் காகிதம். பர்ச்சேஸ் ஆர்டர் இருந்தால்தான் வங்கி மதிக்கும்.

பாதி சரி. நடக்கிற யூனிட்டுக்குக் கூடுதல் கடன் கேட்டால் ஆர்டரைத்தான் பார்ப்பார்கள். இன்னும் மிஷினே வராதவருக்கு யார் ஆர்டர் கொடுப்பார்? அந்த இடத்தில் கடிதம்தான் கையில் இருக்கும் சாட்சி.

செவ்வாய்ப்பேட்டை: நான் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மச்சான் கடை, அவர் நண்பர்கள் இரண்டு பேர் கடை என்று மூன்று கடிதம் வைத்தேன். ஒன்றைக்கூட ஏற்கவில்லை.

மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரே வாசகம், ஒரே எழுத்துப் பிழை இருக்கும். வங்கியில் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, "மாதம் எத்தனை ஜோடி எடுப்பீர்கள், இப்போது யாரிடம் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அங்கே தடுமாறினால் முடிந்தது. உறவினர் கடிதம் தப்பில்லை. உறவு என்று சொல்லிவிட்டு, அவர் கடையின் கொள்முதல் பில்லையும் சேர்த்து வையுங்கள்.

மேட்டூர்: ஹோட்டல்காரர் 60 நாளாகப் பணம் தரவில்லை. எல்.ஓ.ஐ. வைத்து வழக்குப் போடலாமா?

பில்லை வைத்துக் கேளுங்கள். சிறு தொழிலுக்கான உதயம் பதிவு இருந்தால் அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம், வாங்கியவர் பணம் தர அதிகபட்சம் 45 நாள் என்ற வரம்பு இருக்கிறது. மேலே வக்கீலிடம் பேசுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: மாதிரி கடிதம் ஒன்று அனுப்புங்க சார்.

இதையே இன்னும் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். கொலுசுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். மாதிரியை வைத்து எழுதினால் அதே கதிதான். வாங்குபவரையே அவர் லெட்டர்ஹெட்டில் அவர் பேச்சில் எழுதச் சொல்லுங்கள், ஜி.எஸ்.டி. எண்ணும் தேதியும் மட்டும் விடுபடாமல் பாருங்கள்.

நாகலூர், மறுபடியும்: போய்க் கேட்டேன் சார். 40 கிலோவுக்குச் சரி என்கிறார். விலை மட்டும் எழுத மாட்டாராம்.

கொட்டை விலை ஏறி இறங்குவதால் தயங்குகிறார். "அன்றைய சந்தை விலையை ஒட்டி" என்றாவது எழுதி வாங்குங்கள்.

ஓமலூர்: எனக்குத் தெரிந்தவருக்கு விலையே இல்லாமல் கடன் வந்தது.

வந்திருக்கலாம், கிளைக்குக் கிளை மாறும். ஆனால் விலை இல்லாத கடிதத்தை வைத்து லாபக் கணக்கு எப்படிப் போட்டார் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.