கல்சியம் ஏற்றியும் மாடு எழும்பவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டொக்டர், எங்கள் பிரீசியன் மாடு நாலாவது கன்றை முந்தாநாள் பின்னேரம் போட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் பட்டியில் சீமெந்துத் தரையில் விழுந்து கிடக்கிறது. காது குளிர்ந்து, கழுத்து மடங்கியிருந்தது. பதினொரு மணிக்கு மிருக வைத்தியர் வந்து கல்சியம் ஏற்றினார். அதற்குப் பிறகு சாணி போட்டது, புல்லும் தின்கிறது. ஆனால் இன்னும் எழும்பவில்லை. இன்னொரு போத்தல் ஏற்றச் சொல்லலாமா? – பொகவந்தலாவை

நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சாணி போட்டு, புல்லும் தின்கிறது என்றால் கல்சியம் வேலை செய்துவிட்டது. இப்போது மாட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அதன் பின்னங்கால்தான்.

நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு ஒரே தொடைமேல் கிடந்தால் அந்தத் தசைக்கு இரத்தம் போகாது. தசை உள்ளுக்குள் வீங்கி, தொடைக்குப் பின்னால் ஓடும் நரம்பையும் நசுக்கும். கெட்டித் தரையில் ஆறு மணித்தியாலம் போதும், சேதம் தொடங்கிவிடும். உங்கள் மாடு நடுச்சாமத்தில் விழுந்திருந்தால் ஊசி ஏறும்போதே பதினொரு மணித்தியாலம் ஆகியிருக்கும்.

இரண்டாவது போத்தலை வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். கல்சியம் கூடினால் இதயம் நின்றுவிடும். கடையில் வாங்கி நீங்களே ஏற்றாதீர்கள். இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா, மடியில் அழற்சி இருக்கிறதா, கருப்பையில் காயம் உண்டா, பொஸ்பரஸ் குறைவா என்று அவரிடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் ஊசி கேளுங்கள்.

உங்கள் வேலை தரையை மாற்றுவது. மாட்டைப் படங்கு ஒன்றின்மேல் உருட்டி, படங்கைப் பிடித்து இழுங்கள். காலிலோ கழுத்திலோ கயிறு போட்டு இழுத்தால் இருக்கிற மூட்டும் போய்விடும். மண் தரையோ புல் தரையோ கிட்ட இருந்தால் அங்கேயே கொண்டுபோய், மேலே கூரை மாதிரி இன்னொரு படங்கு கட்டுங்கள். பட்டிக்குள்ளேயே வைப்பதானால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்கு மணல் வேண்டும். மலைநாட்டில் மணல் விலை தெரியும். உலர்ந்த மண்ணைக் கொட்டி, மேலே மானாப்புல்லைத் தடிப்பாகப் போட்டாலும் ஆகும். வெறும் சீமெந்தில் வைக்கோல் மட்டும் போட்டால் எழும்பப் பார்க்கும்போது அது வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இராத்திரியிலும், பக்கம் மாற்றுங்கள். ஒருவர் தலையைத் திருப்பிப் பிடிக்க, மற்ற இருவர் இடுப்பைத் தள்ளி உருட்ட வேண்டும். அடியில் கிடந்த பின்னங்கால் மேலே வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் முன்பாதியை மட்டும் திருப்பிவிட்டு மாற்றியதாக நினைத்துக்கொள்கிறார்கள். நெஞ்சில் சாய்ந்து உட்காரும்படி தோளோரம் வைக்கோல் திணித்த உரப்பையை முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் தட்டையாகக் கிடந்தால் வயிறு ஊதும்.

தண்ணீர் வாளி வாய்க்கு எட்ட இருக்கட்டும். கஞ்சியோ மருந்தோ வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் சக்தி குறைந்த மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போகும், நான் பார்த்த சாவுகளில் சில இப்படி வந்தவை.

பெரிய கன்று, நாலு பேர் இழுத்துத்தான் எடுத்தோம். தாய் எழும்பப் பார்க்கிறது. பின்னங்கால் இரண்டும் அகன்று சறுக்கி விழுகிறது. – தலவாக்கலை

இது கல்சியக் குறைவு இல்லை. கன்று இடுப்பெலும்புக்குள் இறுகி நின்றபோது, தொடைகளை உள்ளுக்குச் சேர்க்கும் நரம்பு நசுங்கியிருக்கிறது. ஈரச் சீமெந்தில் ஒரு தடவை அகன்று விழுந்தால் தொடைத் தசை கிழியும், அதன்பின் நம்பிக்கை குறைவு. இரண்டு பின்னங்கால்களையும் கணுவுக்கு மேலே மெத்தென்ற துணிப் பட்டியால், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டுப் பிணைத்து வையுங்கள். கால் சேர்ந்தே நிற்கும், ஆனால் அடி எடுத்து வைக்கலாம். வழுக்காத இடத்தில் மட்டும் எழும்ப விடுங்கள். நரம்பு லேசாக நசுங்கியிருந்தால் சில நாட்களில் தேறும்.

பட்டிக் கூரை மரத்தில் செயின் புளொக் கட்டித் தூக்கலாமா? – ஹட்டன்

கூரை மரம் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். பிறகு மாட்டைப் பாருங்கள். தானாக எழும்ப முயலும் மாட்டைத்தான் தூக்க வேண்டும். இடுப்புக் கிடுக்கியை மட்டும் நம்பாமல் நெஞ்சுக்கடியிலும் அகலப் பட்டி போடுங்கள். தூக்கியதும் கால் ஊன்றி நின்றால் சில நிமிடம் நிற்க விட்டுப் பாலைக் கறந்து, மெதுவாக இறக்குங்கள். கால் ஊன்றாமல் தொங்கினால் உடனே இறக்குங்கள். தொங்க விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் இடுப்பெலும்பில் புதுக் காயத்தோடுதான் இறங்கும். வாலை முறுக்குவது, அடிப்பது வேண்டாம்.

ஐந்து நாளாகப் படுத்தே இருக்கிறது. வைத்திருப்பதா, விடுவதா? – வெலிமடை

நாளை எண்ணாதீர்கள், மாட்டின் முகத்தைப் பாருங்கள். கண் தெளிவாக இருந்து, தின்று, முன்னங்காலால் ஊர்ந்து இடம் மாறுகிற மாடு ஒரு கிழமை கழித்தும் எழும்பியதுண்டு. தீனைத் தொடாமல், முட்டுக் கொடுத்தாலும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிற மாடு பெரும்பாலும் திரும்பாது. பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் பராமரித்தும் எழும்பும் முயற்சியே இல்லையென்றால், அல்லது படுக்கைப் புண் எலும்புவரை போய்விட்டால், வலியில்லாமல் முடிப்பது பற்றி உங்கள் மிருக வைத்தியரிடம் பேசுங்கள். அதுவரை தினமும் மடியைக் கழுவித் துடைத்து, கறந்தபின் காம்பை அயடின் கரைசலில் முக்குங்கள். கால் தேறி மடி கெட்டுப்போன மாடுகள் நிறைய. ஊசி போட்ட நாட்களில் கறக்கும் பாலை எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்று வைத்தியரிடம் கேட்டு, அந்தப் பாலைத் தனியாகக் கொட்டிவிடுங்கள்.