பேசிக்கொண்டிருக்கும்போதே வயர் ஹெட்போனிலிருந்து இயர்பட்ஸுக்கு மாறுவது

"கால்ல இருக்கும்போது வயர் ஹெட்போனைக் கழட்டிட்டு புளூடூத் இயர்பட்ஸ் போட்டா குரல் கேக்காம போயிடுது. பேச்சு விட்டுப்போகாம மாத்த முடியுமா? ஆண்ட்ராய்டு போன், டைப்-சி ஹெட்போன்."

முடியும், மாறும்போது ஓரிரு நொடி மட்டும் குரல் நிற்கும். வயரைக் கடைசியில் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். பட்ஸில் குரல் வந்த பிறகே பிளக்கில் கை வையுங்கள்.

டைப்-சி போனில் இந்தத் தேவை அடிக்கடி வரும். ஹெட்போன் செருகியிருக்கும் ஓட்டையில்தான் சார்ஜரையும் செருக வேண்டும். பேட்டரி 8 சதவீதத்தில் நிற்கிறது, பேச்சு இன்னும் அரை மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வயர் காதிலேயே இருக்கட்டும். பட்ஸ் பெட்டியைத் திறந்து ஒரு பட்ஸை மட்டும் எடுத்து, ஒரு காதிலிருந்து வயரை விலக்கிவிட்டு அதில் மாட்டுங்கள். ஏற்கெனவே பேர் செய்த பட்ஸ் என்றால் சில நொடிகளில் இணைந்துவிடும். பேச்சு நடுவே புதிதாகப் பேர் செய்ய முயல வேண்டாம், அது வேறு தலைவலி.

இணைந்ததும் பெரும்பாலான போன்கள் தாமாகவே குரலைப் பட்ஸுக்குத் தள்ளிவிடும். வயர் காது அமைதியாகும், பட்ஸ் காதில் குரல் வரும். தள்ளவில்லை என்றால் கால் திரையில் ஸ்பீக்கர் பட்டனைத் தொடுங்கள். புளூடூத் இணைந்திருக்கும்போது அது ஒரு பட்டியலைத் திறக்கும்; அதில் பட்ஸின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் காலாக இருந்தால் வாட்ஸ்அப்பின் கால் திரையிலேயே இதைச் செய்ய வேண்டும். குரல் வந்ததும் வயரை உருவி, சார்ஜரைச் செருகலாம்.

மாறும் கணத்தில் ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி மௌனம் இருக்கும். இதைத் தவிர்க்க முடியாது. பாட்டுக்குப் புளூடூத் ஒரு வழியைப் பயன்படுத்துகிறது, கால் பேச்சுக்கு மைக்கும் சேர்ந்த வேறொரு வழியை. பட்ஸ் இணைந்திருந்தாலும் பேச்சு வழியை அந்த நேரத்தில்தான் போன் திறக்கிறது. நேரடிப் பேச்சு எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை, அதனால் அந்த இடைவெளியில் சொன்ன சொல் போனது போனதுதான். "ஒரு நொடி, இயர்போன் மாத்துறேன்" என்று சொல்லிவிட்டு மாற்றுவது எந்த செட்டிங்கையும் விட நன்றாக வேலை செய்யும்.

பட்ஸ் இணையாமலே வயரை உருவிவிட்டால் கால் கட் ஆகாது. குரல் போனின் காது ஸ்பீக்கருக்குப் போயிருக்கும். போனை எடுத்துக் காதில் வையுங்கள். கேட்காமல் போனதாகத் தோன்றுவதில் பாதி இதுதான்.

மீதிப் பாதிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பட்ஸ் லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது. பெட்டியைத் திறந்து பத்து நொடியாகியும் போன் திரையில் பட்ஸ் பெயர் வரவில்லை என்றால் லேப்டாப்பின் புளூடூத்தை அணையுங்கள். இரண்டாவது, பட்ஸ் இணைந்தும் கால் பட்டியலில் அதன் பெயர் இல்லாதது. புளூடூத் செட்டிங்கில் பட்ஸ் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். பாட்டுக்கான சுவிட்ச் மட்டும் ஆனாகி, `Phone calls` அணைந்து கிடந்தால் அதை ஆன் செய்யுங்கள். (சில போன்களில் வெறும் `Calls` என்றிருக்கும்.)

திரும்பி வயருக்கு வருவது இன்னும் எளிது: செருகினாலே போன் வயருக்கு மாறிவிடும். பட்ஸை அதன் பிறகு பெட்டியில் வையுங்கள். இங்கே சிக்கல் மைக்கில்தான். டைப்-சிக்குப் பதில் 3.5 மி.மீ. உருண்டைப் பிளக் உள்ள ஹெட்போன் என்றால் பிளக்கில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் மைக் உண்டு. இரண்டுதான் என்றால் இல்லை, உங்கள் பேச்சைப் போனின் மைக்தான் எடுக்கும். எதிரில் இருப்பவர் "குரல் தூரமா கேக்குது" என்றால் போனை வாய்ப் பக்கம் கொண்டுவாருங்கள்.

மூன்று வளையப் பிளக்கை மெதுவாக, ஆட்டி ஆட்டி உருவ வேண்டாம். உருவும்போது மைக் முனை ஒரு கணம் எர்த்தோடு தொட்டுக்கொள்ளும். ஹெட்போன் பட்டனை அழுத்தினாலும் மின்சுற்றில் நடப்பது அதேதான், எனவே போன் அதைப் பட்டன் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு மியூட் செய்யலாம், காலையே முடிக்கவும் செய்யலாம். நேராக, ஒரே இழுப்பில் உருவுங்கள். மாறிய பிறகு உங்கள் குரல் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை என்றால் முதலில் மியூட் சின்னத்தைப் பாருங்கள்.