ஒரு சமன்பாட்டில் சரியாக வரும் விடை மற்றதில் ஏன் இடிக்கிறது

கேள்வி: நீக்கல் முறையில் x, y கண்டுபிடித்த பிறகு அவற்றை இரண்டு மூலச் சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்றில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அது போதாதா? இரண்டிலும் பார்ப்பது வெறும் சடங்கு மாதிரி இருக்கிறதே?

பதில்:

நீங்கள் எந்தச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பல வருடங்களாகக் கணக்கு நோட்டுகளைத் திருத்துகிறேன். "சரிபார்த்தேன்" என்று எழுதியிருக்கும் தப்பு விடைகளில் பெரும்பாலானவை, சரியாக வந்தே தீரவேண்டிய சமன்பாட்டில் சரிபார்க்கப்பட்டவைதான். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

2x + 3y = 23 … (1)
4x − y = 11 … (2)

x‑ஐ நீக்கலாம். (1)‑ஐ 2‑ஆல் பெருக்கினால்,

4x + 6y = 46 … (3)

இனி (3)‑இலிருந்து (2)‑ஐக் கழிக்க வேண்டும். இங்கேதான் கை வழுக்கும். 6y‑இலிருந்து −y‑ஐக் கழித்தால் 7y வரும். ஆனால் அந்தக் கழித்தல் குறி கண்ணில் படாமல் 5y என்று எழுதிவிடுகிறோம் என்று வையுங்கள். வலப்பக்கம் 46 − 11 = 35. ஆக 5y = 35, y = 7. அழகான முழு எண், சந்தேகமே வராது. இதை (1)‑இல் போட்டால் 2x + 21 = 23, அதாவது x = 1. அதுவும் முழு எண்.

இப்போது x = 1, y = 7 என்பதை (1)‑இல் சரிபாருங்கள். 2 + 21 = 23. பொருந்துகிறது. (3)‑இல் பாருங்கள். 4 + 42 = 46. அதுவும் பொருந்துகிறது. இரண்டு இடத்தில் பார்த்தாகிவிட்டது என்று நோட்டை மூடிவிடலாம், விடை தப்பு. (2)‑இல் போட்டால்தான் வெளிச்சமாகும்: 4 − 7 = −3. வரவேண்டியது 11.

(1)‑இல் ஏன் பொருந்தியது? x‑இன் மதிப்பையே (1)‑ஐ வைத்துத்தானே கண்டுபிடித்தோம்! y எதுவாக இருந்தாலும், (1) சரியாக வரும்படி ஒரு x‑ஐத் தேடி எடுத்துக்கொண்டோம். y = 7 என்பதற்குப் பதில் y = 100 என்று வைத்துக்கொண்டாலும் 2x = 23 − 300 என்று ஒரு x கிடைக்கும், (1) அப்போதும் பொருந்தும். (3) என்பது (1)‑இன் இரட்டிப்புதான் என்பதால் அதுவும் கூடவே பொருந்துகிறது. அது தனிச் சாட்சி அல்ல, அதே சாட்சியின் இரட்டைப் பிறவி.

ஆகவே, பிரதியிடப் பயன்படுத்திய சமன்பாட்டில் சோதித்தால் கடைசி ஒரு படியில் கூட்டல் கழித்தல் பிசகியதா என்று மட்டும் தெரியும். பயன்படுத்தாத சமன்பாட்டில் சோதித்தால்தான் நீக்கும்போது நடந்த பிழை அகப்படும். நேரம் இல்லாமல் ஒன்றில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், பயன்படுத்தாததில் பாருங்கள். ஆனால் இரண்டிலும் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இந்த இடத்தில் பலர் விடையை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அவசரப்பட வேண்டாம். வந்த எண்ணும் வரவேண்டிய எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். 11‑க்கும் −3‑க்கும் இடைவெளி 14. நம் y = 7. (2)‑இல் y‑க்கு உரிய உறுப்பு −7. இடைவெளி அதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. ஓர் உறுப்பு தப்பான குறியோடு உள்ளே போனால் இப்படித்தான் நடக்கும், −7 இருக்கவேண்டிய இடத்தில் +7 இருந்தால் வித்தியாசம் 14. சந்தேகத்தை உறுதி செய்துகொள்ளலாம்: குறியை மாற்றி 4x + y‑இல் நம் தப்பு விடையைப் போட்டால் 4 + 7 = 11. அச்சாகப் பொருந்துகிறது. நாம் நம்மை அறியாமல் 4x − y = 11 என்பதற்குப் பதில் 4x + y = 11 என்ற வேறொரு கணக்கைப் போட்டிருக்கிறோம். திருத்த வேண்டியது அந்த ஒரே கழித்தல் படி. 7y = 35, y = 5, (1)‑இலிருந்து 2x = 8, x = 4. இப்போது (1): 8 + 15 = 23. (2): 16 − 5 = 11. இரண்டும் பொருந்துகின்றன.

இந்தத் துப்பு பிழை ஒன்றே ஒன்றாக இருக்கும்போது மட்டும் பயன்படும். இரண்டு பிழைகள் கலந்துவிட்டால் இடைவெளியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, முதலிலிருந்து போடுவதே மேல்.

"மூலச் சமன்பாட்டில்" என்று அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்கு வேறொரு கணக்கு:

x + 2y = 21 … (1)
3x − y = 7 … (2)

(1)‑ஐ 3‑ஆல் பெருக்கினால் 3x + 6y = 63 வரவேண்டும். இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு வலப்பக்கத்தை மறந்துவிடுவது நான் அதிகம் பார்த்த பிழை. அப்படி 3x + 6y = 21 என்று எழுதி, அதிலிருந்து (2)‑ஐச் சரியாகவே கழித்தால் 7y = 14, y = 2. (2)‑இல் போட்டால் 3x = 9, x = 3. மறுபடியும் முழு எண்கள்.

சரிபார்ப்போம். (2)‑இல் 9 − 2 = 7, பொருந்துகிறது. நோட்டில் அதற்கு மேலே கண்ணுக்கு எதிரே இருப்பது பெருக்கிய சமன்பாடு, அதில் போட்டால் 9 + 12 = 21, அதுவும் பொருந்துகிறது. இரண்டு வெவ்வேறு சமன்பாடுகளில் பார்த்தாகிவிட்டது, முதல் உதாரணம் போல ஒன்றையே இரண்டு முறை பார்க்கவில்லை. ஆனாலும் விடை தப்பு. ஏனென்றால் பெருக்கிய சமன்பாடே தப்பு, தப்பான சமன்பாட்டுக்கு நாம் கண்டது சரியான விடை. கேள்வியில் கொடுத்த (1)‑இல் போட்டால் 3 + 4 = 7, வரவேண்டியது 21. இங்கேயும் துப்பு இருக்கிறது: 21 என்பது 7‑ஐப்போல் 3 மடங்கு, நாம் பெருக்கியதும் 3‑ஆல்தான். வலப்பக்கம் பெருக்கப்படவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். சரியாகப் போட்டால் 7y = 56, y = 8, x = 5. (1): 5 + 16 = 21. (2): 15 − 8 = 7.

இதனால்தான், கேள்வியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்ட சமன்பாட்டைக்கூட நான் முழுதாக நம்புவதில்லை. கேள்வியில் 23 என்றிருப்பதை 32 என்று எடுத்தெழுதியிருந்தால், நோட்டை வைத்துச் சரிபார்க்கும் எல்லாமே பொருந்தும். கண் கேள்வித்தாளுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

சோதனையே பிசகுவதும் உண்டு. 3x + 4y = 7, 5x − 6y = 37 என்ற கணக்கின் விடை x = 5, y = −2. இரண்டாவதில் போடும்போது அவசரத்தில் 25 − 12 = 13 என்று எழுதிவிட்டு, சரியான விடையை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்ம எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுங்கள்: 5(5) − 6(−2) = 25 + 12 = 37. இன்னொன்று, முதல் வரியிலேயே சமக்குறி போட்டு வலப்பக்க எண்ணையும் எழுதிவிடாதீர்கள். வரவேண்டிய எண் கண்முன்னே இருந்தால் கை அதை நோக்கியே கணக்கை இழுத்துச் செல்லும். இடப்பக்கத்தை மட்டும் தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் ஒப்பிடுங்கள்.

இரண்டிலும் பொருந்திவிட்டால் அது எவ்வளவு உறுதி? x, y கெழுக்களின் விகிதம் இரண்டு சமன்பாட்டிலும் வெவ்வேறாக இருந்தால், முழு உறுதி. இரண்டு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும், இரண்டிலும் பொருந்தும் புள்ளி அது ஒன்றுதான். இடையில் எந்த வழியில் போனீர்கள், எத்தனை முறை அடித்துத் திருத்தினீர்கள் என்பதெல்லாம் பொருட்டே அல்ல. படிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் இந்த உறுதி கிடைக்காது, முதல் முறை தப்பாக வாசித்த குறியைக் கண் இரண்டாம் முறையும் அப்படியேதான் வாசிக்கும்.

விகிதம் ஒன்றாக இருந்தால் கதை வேறு. 2x + 3y = 23, 4x + 6y = 46 என்று கொடுத்திருந்தால், மேலே நாம் தப்பு என்று அடித்த x = 1, y = 7 இரண்டிலும் பொருந்தும். x = 4, y = 5‑ம் பொருந்தும். இது ஒரே கோட்டை இரண்டு விதமாக எழுதியது. நீக்கல் முறையில் போனால் 0 = 0 என்று வந்து நின்று, எண்ணற்ற தீர்வுகள் என்று அதுவே சொல்லிவிடும்.

தசம எண்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். x + y = 2, x + 1.01y = 2.01 என்று இரண்டு சமன்பாடுகள். உண்மையான விடை x = 1, y = 1. யாரோ x = 2, y = 0 என்று கொண்டுவந்தால், முதலாவதில் 2 அப்படியே வரும். இரண்டாவதில் 2.01‑க்குப் பதில் 2 வரும். வித்தியாசம் 0.01தான், தோராயமாக்கியதில் வந்தது என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் x உண்மையான மதிப்பைப்போல் இரண்டு மடங்கு, y இருக்கவேண்டிய இடத்தில் சுழியம். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால், வெட்டும் புள்ளியிலிருந்து வெகுதூரம் போனாலும் இரண்டு கோட்டுக்கும் பக்கத்திலேயே இருக்கிறோம். கெழுக்கள் இப்படி நெருங்கியிருக்கும் கணக்கில் "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்பதை ஏற்காதீர்கள். பின்னமாகவே வைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் துல்லியமாகச் சமமாகிறதா என்று பாருங்கள்.