ஒரே தியேட்டரில் நான்கு நோயாளிகளுக்குச் சீழ்: எங்கே தேடுவது?

"நான் தொற்றுத் தடுப்புச் செவிலியர். மார்ச் 3, 5இல் பித்தப்பை, 10இல் குடல்வால், 12இல் குடலிறக்கம், நான்கும் லேப்ராஸ்கோப்பி. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து நால்வருக்கும் துளைத் தழும்பில் கட்டி, சீழ். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. தியேட்டரைப் புகையூட்டினால் போதுமா?"

போதாது. உங்கள் தேதிகளே வழிகாட்டுகின்றன. வழக்கமான சீழ்க்கிருமிகள் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தலைகாட்டிவிடும். ஆறிய தழும்பு மூன்று, நான்கு வாரம் கழித்துக் கட்டியாக எழும்பினால், காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியத்தையே முதலில் சந்தேகிப்பேன். சாதாரண கல்ச்சர் தட்டை இரண்டு நாளில் அப்புறப்படுத்திவிடுவார்கள்; இதற்கு ஒரு வாரமாவது வேண்டும். சீழையும் திசுவையும் அனுப்பி, இவ்வகைக் கிருமியைக் காட்டும் ஏ.எஃப்.பி. சாயப் பரிசோதனையும் மைக்கோபாக்டீரியக் கல்ச்சரும் கேளுங்கள்.

அடுத்து, அதே நாட்களில் அதே தியேட்டரில் திறந்த முறையில் அறுவை செய்துகொண்டவர்களையும் பட்டியலில் சேருங்கள். அவர்கள் நலமாக இருந்தால் காற்றைவிடக் கருவிகள்மீதே சந்தேகம் வலுக்கும்.

கருவி கழுவும் இடத்தில் நின்று பாருங்கள். வயிற்றில் துளையிட்டுக் கருவிகளை உள்ளே விட உதவும் டிரோகாரைப் பிரிக்காமல், 2% குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்களா? அந்த ரசாயனத்தில் முழுக் கிருமிநீக்கத்துக்குச் சுமார் பத்து மணி நேரம் தேவை. அப்படியே ஊறினாலும், அலசும் தண்ணீர் கிருமியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்தத் தண்ணீரையும் ஊறல் தொட்டியையும் மாதிரி எடுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊறவைப்பதை இன்றே நிறுத்தி, கருவிகளைப் பிரித்துக் கழுவி, ஆட்டோகிளேவ் தாங்குபவற்றை அதிலேயே போடச் சொல்லுங்கள்.